தட்டில் ஒரு கப், பையில் எத்தனை கிராம்?

டயட் சார்ட் இப்போதெல்லாம் காகிதத்தில் வருவதில்லை. டயட்டீஷியன் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வீட்டில் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறார். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு பத்திகள். பக்கவாட்டில் காலை, மதியம், மாலை, இரவு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேளைச் சாப்பாடு. பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. படத்தில் ‘சாம்பார் 1 கப்’ என்று இருக்கிறது. துவரம்பருப்பு எவ்வளவு வாங்குவது?

பலரும் இந்த இடத்தில் படத்தை மூடிவிட்டு, வழக்கமாக வாங்குவதையே வாங்கிவிடுகிறார்கள். கூடவே சார்ட்டில் பெயர் சொல்லியிருக்கும் ஓட்ஸ், பாதாம், கேழ்வரகு மாவு மட்டும் புதிதாகப் பைக்குள் போகின்றன. புதன்கிழமை வந்தால் பச்சைப்பயறு தோசைக்கு ஊறவைக்கப் பயறு இருக்காது. வெள்ளிக்கிழமைக் கீரை, வியாழக்கிழமையே மஞ்சளாகியிருக்கும். இரண்டாவது வாரத்தில் அந்தப் படம் போன் கேலரியில் கீழே போய்விடுகிறது.

சார்ட் எழுதப்பட்டிருப்பது ஒரே ஒருவரின் தட்டைப் பார்த்து. அதுவும் சமைத்து முடித்த பிறகு உள்ள அளவில். மளிகைச் சீட்டு எழுதவேண்டியதோ வீட்டில் உள்ள எல்லோருக்கும், சமைக்காத பொருளில், கடையின் எடையில். முன்னதிலிருந்து பின்னதற்கு வந்து சேரச் சில கணக்குகள் போட்டாகவேண்டும். எல்லாம் கூட்டல், பெருக்கல்தான். ஆனால் ஒன்றை விட்டாலும் வாரம் பாதியில் நின்றுவிடும்.

மதுரையில் மூன்று பேர் இருக்கும் ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, சார்ட் அவருக்குத்தான். அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகனும் உடன் இருக்கிறார்கள். சார்ட் இப்படிப் போகிறது: காலையில் திங்களும் வெள்ளியும் இட்லி 3, சாம்பார் 1 கப். செவ்வாயும் சனியும் கேழ்வரகு தோசை 2, தக்காளிச் சட்னி. புதன் பச்சைப்பயறு தோசை 2. வியாழன் கோதுமை ரவை உப்புமா 1 கப். ஞாயிறு சப்பாத்தி 2, ஆம்லெட். மதியம் எல்லா நாளும் சாதம் 1 கப், ஏதாவது ஒரு பொரியல் 1 கப், மோர். கூடவே செவ்வாயும் சனியும் சாம்பார்; திங்கள், புதன், வெள்ளி கீரை; வியாழன் புடலங்காய்க் கூட்டு; ஞாயிறு மீன் குழம்பு; மூன்று நாள் ரசம். மாலையில் நான்கு நாள் சுண்டல் ½ கப், மூன்று நாள் கொய்யா. இரவில் நான்கு நாள் சப்பாத்தி 2, அதில் இரண்டு நாளுக்குக் குருமா, இரண்டு நாளுக்குப் பாசிப்பருப்பு. மீதி மூன்று நாள் தோசை 2.

முதல் வேலை, படம் முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்கிரீன்ஷாட் என்பது திரையில் தெரிந்த அளவுக்கு மட்டுமே வரும். அகலமான அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்தி வலப்பக்கம் வெட்டுப்பட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பு. ‘அளவுகள் சமைத்த பிறகு’, ‘1 கப் = 200 மி.லி.’, ‘ஒரு நாளைக்கு எண்ணெய் 3 டீஸ்பூன்’ என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த இரண்டு வரி இல்லாமல் மேலே உள்ள ஒரு எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட்டில் குறிப்பு இல்லையென்றால், மூலக் கோப்பையே டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சின்ன எழுத்துகளும் பின்னங்களும் மங்கிப்போகும்.

படத்திலிருந்து எழுத்தை அப்படியே நகலெடுக்கும் வசதி இன்றைய போன்களில் உண்டு. நேரம் மிச்சம்தான். ஆனால் அட்டவணை என்று வரும்போது கட்டங்களைத் தாண்டி எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளக்கூடும். திங்கள்கிழமை இட்லிக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமைச் சட்னி வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னங்களில் இன்னும் கவனம் வேண்டும். சாய்வுக் கோடு காணாமல் போனால் ½ என்பது 12 ஆகிவிடும். நகலெடுத்தாலும் ஒருமுறை படத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். இருபத்தெட்டு கட்டங்கள்தானே, கையாலேயே நோட்டில் எழுதிவிடலாம். எழுதும்போதே ஒரே பொருள் எங்கெங்கே வருகிறது என்பது கண்ணில் படும்.

அடுத்தது பெயர்கள். ஆங்கிலத்தில் வரும் சார்ட்டுகளில் தானியம், பயறுகளின் பெயர்கள் ஆட்களைத் தடுமாற வைக்கின்றன. ‘பிளாக் கிராம்’ என்று இருந்தால் அது உளுந்து. கறுப்புக் கொண்டைக்கடலை என்று நினைத்து வாங்கி வருபவர்கள் நிறைய. ‘ரெட் கிராம்’ துவரை. நிறத்தைப் பார்த்து மைசூர்ப்பருப்பை எடுத்துவிடக் கூடாது. ‘பெங்கால் கிராம்’ கொண்டைக்கடலை. பக்கத்தில் ‘டால்’ என்று சேர்ந்தால் கடலைப்பருப்பு. ‘ஹார்ஸ் கிராம்’ கொள்ளு. தமிழில் இருக்கும் சார்ட்டிலும் இந்தக் குழப்பம் வரும். உதாரண வீட்டின் சார்ட்டில் காலைத் தோசைக்குப் ‘பச்சைப்பயறு’ என்றும் மாலைச் சுண்டலுக்குப் ‘பாசிப்பயறு’ என்றும் இருக்கிறது. சீட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதினால், “ரெண்டும் ஒண்ணுதாம்மா, அரைக் கிலோவா ஒரே பையில போட்டுரவா?” என்று அண்ணாச்சி கேட்பார். இரவு வரும் பாசிப்பருப்போ அதே பயறைத் தோல் நீக்கி உடைத்தது. அதைத் தனியாகத்தான் வாங்கவேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு பதார்த்தத்தையும் பொருளாகப் பிரிக்கவேண்டும். சார்ட் எழுதியவர் பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பது சமைப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரண வீட்டின் படத்தில் தக்காளி என்ற சொல் இரண்டே இடத்தில், சட்னியோடு வருகிறது. ஆனால் நான்கு வேளைச் சாம்பாருக்கு இரண்டிரண்டாக எட்டு, மூன்று ரசத்துக்கு மூன்று, இரண்டு சட்னிக்கு ஆறு, இரண்டு குருமாவுக்கு நான்கு, மீன் குழம்புக்கு இரண்டு என்று எண்ணிப் பார்த்தால் இருபத்துமூன்று வருகிறது. நடுத்தரத் தக்காளி கிலோவுக்குப் பதினைந்து நிற்கும் என்று கொண்டால் ஏறத்தாழ 1½ கிலோ. படத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் அரைக் கிலோதான் வந்திருக்கும்; செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்திருக்கும். சின்ன வெங்காயம், புளி, பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு எல்லாம் இப்படி ஒளிந்திருப்பவைதான். சார்ட்டில் ஒரு இடத்திலும் பெயர் வராமல், வாரம் முழுக்கத் தேவைப்படுபவை.

துவரம்பருப்பும் அப்படியே. திங்கள், வெள்ளி காலை, செவ்வாய், சனி மதியம் என நான்கு வேளை சாம்பார். ஒருவருக்கு 200 மில்லிக் கப்பில் ஒரு கப் சாம்பார் வர, நடுத்தரக் கெட்டியாக வைத்தால் 25 கிராம் பருப்பு போதும். மூன்று பேருக்கு 75. நான்கு வேளைக்கு 300 கிராம். கீரைக் கூட்டுக்கும் புடலங்காய்க் கூட்டுக்கும் வேளைக்கு 60 கிராம் பாசிப்பருப்பு, இரவுப் பருப்புக்கு இரண்டு நாளும் 75 கிராம். மொத்தம் 270. கால் கிலோவுக்குச் சற்று மேல்.

சோற்றில்தான் சமைத்த அளவுக்கும் சமைக்காத அளவுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. அரிசி வெந்தால் எடையில் இரண்டரை முதல் மூன்று மடங்காகிறது. 200 மில்லிக் கப்பில் தளர்வாக எடுத்த ஒரு கப் சாதம் கிட்டத்தட்ட 150 கிராம் இருக்கும். அதற்குத் தேவையான அரிசி 50 முதல் 55 கிராம். ஏழு மதியத்துக்கும் சேர்த்து அப்பாவுக்கு வேண்டிய அரிசி 400 கிராமுக்கும் குறைவு. மாதம் இருபத்தைந்து கிலோ மூட்டை வாங்கிப் பழகிய வீட்டில் இந்த எண் அதிர்ச்சி தரும். அதே ‘1 கப்’பை அரிசியாக எண்ணி உலையில் போட்டால், தட்டில் மூன்று கப் சாதம் விழும். ஓட்ஸிலும் ரவையிலும் இந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கிறது. ‘கோதுமை ரவை உப்புமா 1 கப்’ என்பது 50 கிராம் ரவையில் வந்துவிடும். ஒரு கப் ரவையை வறுத்துக் கொட்டினால் மூன்று பேர் சாப்பிடலாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தத்தான் சார்ட். அதைக் கடைப்பிடித்தும் அளவு குறையவில்லை என்று சொல்பவர்களின் வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் கப்பைத்தான்.

கப் என்பதே வீட்டுக்கு வீடு வேறு. பேக்கிங் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் அளவுக் கப் 240 அல்லது 250 மில்லி. பல டயட்டீஷியன்கள் சொல்லும் கிண்ணம் 150 முதல் 200 மில்லி. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு வீட்டில் இருக்கும் ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் போதும். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் எளிது. முதல் வாரம் மட்டும் நிறுத்துப் பார்த்தால் பிறகு கண்ணே பழகிவிடும்.

சுண்டலுக்கு வேறு கணக்கு. உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்கைத் தாண்டும். அரைக் கப் சுண்டலுக்கு 35 கிராம் கடலை போதும். மூன்று பேருக்கு நூறு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் கொண்டைக்கடலை 200, ஒரு நாள் தட்டைப்பயறு 100, ஒரு நாள் பாசிப்பயறு 100. புதன்கிழமைத் தோசைக்கு அதே பாசிப்பயறு இன்னொரு 200. சப்பாத்தி மாவுக்கு வழக்கமான கணக்கு கிலோவுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது. அப்பாவுக்கு இரண்டு, அம்மாவுக்கு மூன்று, மகனுக்கு நான்கு என வேளைக்கு ஒன்பது. ஞாயிறு காலையும் சேர்த்து ஐந்து வேளைக்கு நாற்பத்தைந்து. 1¼ கிலோ மாவு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சார்ட் அப்பாவுக்கு மட்டும்தானே, எதற்கு மூன்றால் பெருக்குவது?

இந்த முடிவைச் சீட்டு எழுதும் முன்பே எடுத்தாகவேண்டும். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆரம்பிக்கும் வீடுகளில் அடுப்படியில் நிற்பவர் இரண்டு வாரத்தில் களைத்துப்போகிறார். அது பெரும்பாலும் அம்மாதான். சார்ட்டைக் கவனித்துப் படித்தால், அதில் தனியாகச் செய்யவேண்டியது மிகக் குறைவு என்பது தெரியும். சாம்பார், கீரை, கூட்டு, பொரியல், சுண்டல் எல்லாம் எல்லோருக்கும் பொது. மாறுவது சாதத்தின் அளவும் இட்லி, தோசையின் எண்ணிக்கையும்தான். எனவே பொதுவான பதார்த்தங்களை மூன்றால் பெருக்கவேண்டும். சாதம், சப்பாத்தி, இட்லியை ஒவ்வொருவர் சாப்பிடும் அளவுக்குத் தனித்தனியாகக் கூட்டவேண்டும். கேழ்வரகு தோசை மகனுக்குப் பிடிக்காதென்றால் அதை இரண்டு பேருக்கு மட்டும் கணக்கிடவேண்டும். சீட்டு நோட்டில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் எத்தனை பேர் என்று ஒரு எண் எழுதினால் இது தன்னால் நடந்துவிடும்.

காய்கறிக்கு வருவோம். சார்ட்டில் உள்ள ‘பொரியல் 1 கப்’புக்கு நறுக்கிய காய் 120, 130 கிராம் போகும். பீன்ஸில் காம்பும் நுனியும், முட்டைகோஸில் மேல் இலையும் நடுத்தண்டும் கழிந்துபோவதால், ஆளுக்கு 150 கிராம் என்று வாங்குவது பாதுகாப்பு. மூன்று பேருக்கு ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஏழு நாள் பொரியலுக்கு மட்டும் மூன்றரை கிலோ. புடலங்காய் அரைக் கிலோ, சாம்பாரில் போடும் காய் அரைக் கிலோ, குருமாக் காய் அரைக் கிலோ, வெங்காயம் இரண்டு வகையும் சேர்த்து 1½ கிலோ, தக்காளி 1½ கிலோ. கீரைக் கட்டின் அளவு ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் எடையில் எழுதாமல் கட்டில் எழுதலாம். வேரும் தண்டும் போனால் கட்டில் பாதிதான் மிஞ்சும். மூன்று பேருக்கு இரண்டு கட்டு என்று வைத்தால் குறையாது. மீனும் அப்படித்தான். முழு மீனாக வாங்கினால் தலை, குடல், செதில் போகப் பாதிக்குச் சற்று மேல்தான் சட்டிக்கு வரும். ஆளுக்கு நூறு கிராம் சதை வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கவேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டினால் காய்கறிப் பை ஒன்பது கிலோவைத் தொடுகிறது. அளவு தப்பிவிட்டதோ என்று தோன்றும். தப்பவில்லை என்பதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான மாதிரித் தட்டு தரப்பட்டிருக்கிறது. அதில் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம். பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றுக்கு 85 கிராம். தானியம் 250, பால் 300 மில்லி, பழம் 100. எல்லாம் சமைக்காத எடை. காய்கறி ஒருவருக்கு வாரத்துக்கு 2.8 கிலோ, மூன்று பேருக்கு 8.4 கிலோ. ஒன்பது கிலோ வாங்கி, தோலும் காம்பும் போனால் மிஞ்சுவது எட்டு கிலோ அளவில். சீட்டு சரிதான். பருப்பிலும் இதே சோதனையைப் போடலாம். அப்பாவின் பங்கைத் தனியே கூட்டினால், சாம்பார், கூட்டு, சுண்டல், தோசைப் பயறு, மாவில் சேரும் உளுந்து, முட்டை, மீன் எல்லாமாக வாரத்துக்கு 600 கிராமை ஒட்டி வருகிறது. 85-ஐ ஏழால் பெருக்கினாலும் 595. ஒவ்வொருவரின் சார்ட்டும் இந்தத் தட்டோடு அச்சாக ஒத்துப்போகவேண்டிய அவசியமில்லை. ஆனால் மூன்று பேர் வீட்டுக்குக் காய் மூன்று கிலோவில் நின்றால், பதார்த்தத்தைப் பிரிக்கும்போது எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பாலில் இதற்கு எதிர்மாறான தவறு நடக்கும். டீக்குப் பால், இரவுக்குப் பால் என்று எழுதிவிட்டுத் தயிர், மோர் என்று தனியாகவும் எழுதுவார்கள். வீட்டில் உறை ஊற்றுபவர்களுக்குத் தயிரும் மோரும் அந்தப் பாலிலிருந்தே வருவதுதான். தினம் இரண்டு அரை லிட்டர் பாக்கெட் வாங்கும் வீட்டில் தயிருக்கென்று தனி வரி வேண்டியதில்லை. அந்த ஒரு லிட்டரில் அதற்கும் பங்கு ஒதுக்கினால் போதும்.

இப்போது கையில் இருப்பது வாரத் தேவை. இதிலிருந்து வீட்டில் இருப்பதைக் கழித்தால்தான் அது வாங்கும் சீட்டாகும். டப்பாவைத் திறந்து பார்க்காமல் நினைவிலிருந்து கழிப்பது சரிவராது. துவரம்பருப்பு டப்பா எப்போதும் நினைப்பதைவிடக் காலியாக இருக்கும், புளி எப்போதும் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். சமையலறையில் நின்றுகொண்டே நோட்டில் அடுத்த பத்தியாக எழுதிவிடவேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் மளிகை மாதத்துக்கு ஒருமுறைதான். அந்த வழக்கத்தை மாற்றவேண்டியதில்லை. அரிசி, பருப்பு, மாவு, எண்ணெயை மாதச் சாமானிலேயே வைத்துக்கொண்டு, வாரச் சீட்டில் காய், பழம், கீரை, முட்டை, மீன், தீர்ந்துபோகும் பயறு ஆகியவற்றை மட்டும் எழுதலாம்.

சார்ட் திங்களில் தொடங்குகிறது. கடைவேலை திங்களில் தொடங்கினால் முதல் வேளையே தவறிவிடும். திங்கள் காலை இட்லி வேண்டுமென்றால் ஞாயிறு மாலைக்குள் மாவு அரைத்துப் புளிக்க வைத்திருக்கவேண்டும். ஞாயிறு மதியமே அரிசியும் உளுந்தும் ஊறவேண்டும். எனவே சனிக்கிழமையே அவை வீட்டில் இருக்கவேண்டும். சுண்டல் கடலை முந்தைய இரவு ஊறவேண்டும். பச்சைப்பயறு செவ்வாய் இரவு. சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே ‘எப்போது கைக்கு வரவேண்டும்’ என்று ஒரு நாள் எழுதினால், கடைக்குப் போகவேண்டிய நாட்கள் தாமாகவே தெரிந்துவிடும்.

உதாரண வீட்டுக்கு அது மூன்று முறையாக அமைகிறது. சனிக்கிழமை மளிகை. ஞாயிறு அதிகாலை உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விவசாயிகளே நேரடியாகக் கொண்டுவந்து விற்பதால் கீரையும் வெண்டைக்காயும் அன்று பறித்ததாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்குவதில் வாரம் தாங்கும் முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயம் முழு அளவில் வரலாம். தக்காளியில் பாதியைப் பழுத்ததாகவும் பாதியைக் காயாகவும் பொறுக்கவேண்டும். கீரை திங்களுக்கு மட்டும். புதன் காலை இரண்டாவது சுற்றில் அன்றைக்கும் வெள்ளிக்கும் கீரை, வாரக் கடைசிக்கான வெண்டைக்காய், கொய்யா. வெள்ளிக்கிழமைக் கீரையை ஈரம் துடைத்துத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் நம்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மீனை அன்று காலையே வாங்குவதுதான் முறை.

வெண்டைக்காய் வியாழனுக்கு இருக்கிறது, ஆனால் திங்களே வாடிவிட்டது. மாற்றிச் சமைக்கலாமா? ஒரு நாள் மதியப் பொரியலை இன்னொரு நாள் மதியத்துக்குக் கொண்டுபோவதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை. இரண்டும் ஒரே வகைக் காய், ஒரே அளவு. காலைச் சாப்பாட்டை இரவுக்கோ, சுண்டலைச் சப்பாத்திக்குப் பதிலாகவோ மாற்றுவது வேறு விஷயம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு எந்த வேளையில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைப் பார்த்துத்தான் சார்ட் எழுதப்பட்டிருக்கும். சிறுநீரக நோய்க்கான சார்ட் என்றால் காயை மாற்றுவதற்கும் கேட்கவேண்டும். அங்கே பொட்டாசியத்தைக் குறைக்கவே சில காய்களும் பழங்களும் விலக்கப்பட்டிருக்கும். சந்தையில் கிடைக்கவில்லை என்று கீரையையோ வாழைப்பழத்தையோ இடத்தில் போட்டு நிரப்பினால் அது ஆபத்தில் முடியலாம். அந்த வகைச் சார்ட்டுக்குச் சீட்டு எழுதும்போது, ஒவ்வொரு காய்க்கும் மாற்றாக எதை வாங்கலாம் என்று டயட்டீஷியனிடமே முன்கூட்டிக் கேட்டு அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

எண்ணெயைச் சீட்டில் எழுதுவதைவிட அளந்து வைப்பது பயன் தரும். சார்ட்டின் குறிப்பில் ஆளுக்கு நாளைக்கு 3 டீஸ்பூன் என்றால் 15 மில்லி. மூன்று பேருக்கு வாரத்துக்கு 315. திங்கள் காலை அந்த அளவைத் தனி பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்து, பெரிய டின்னை உள்ளே வைத்துவிடலாம். வியாழனன்றே பாட்டில் தீர்ந்தால் எங்கே கூடுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மாதக் கடைசியில் டின்னைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

சீட்டு தயாரானதும் பல வீடுகளில் அதை மளிகைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலர் சீட்டோடு சார்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புவதுண்டு. அது வேண்டாம். படத்தின் மேற்பகுதியில் பெயர், வயது, எடை, ரத்தச் சர்க்கரை அளவு, சில சமயம் மருந்தின் பெயர்கூட இருக்கும். கடைக்கு அது தேவையில்லாத விவரம். சீட்டை மட்டும் அனுப்பினால் போதும்.

கடை பாக்கெட்டாகத் தரும் பொருள்களில் சிறிது மிஞ்சும். இரண்டு பேருக்கு இரண்டு வேளைக் கேழ்வரகு தோசைக்கு 300 கிராம் மாவு போதும். பாக்கெட் அரைக் கிலோ. கோதுமை ரவையில் 200 செலவாகி 300 இருக்கும். இந்த மிச்சத்தைச் சனிக்கிழமை நோட்டின் கடைசிப் பத்தியில் எழுதி வைத்தால், அடுத்த வாரச் சீட்டில் கேழ்வரகு மாவை 100 கிராம் உதிரியாக வாங்கினால் போதும். கோதுமை ரவையை வாங்கவே வேண்டியதில்லை. சார்ட் மாறாதவரை பிரித்த பொருள்களும் பெருக்கிய எண்களும் அப்படியே நிற்கும். இரண்டாவது வாரத்தில் செய்யவேண்டியது டப்பாவைத் திறந்து பார்த்துக் கழிப்பது மட்டும்தான். மூன்று, நான்கு வாரம் கழித்து டயட்டீஷியன் புதுச் சார்ட் அனுப்பும்போது, மாறிய கட்டங்களை மட்டும் பழைய நோட்டில் அடித்துத் திருத்தினால், புதிய வாரத்துக்கான சீட்டு அந்தப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.